நடு வகைக்காரியின் முறை

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. எதிர் இலையில் பெரியப்பாவின் மூத்த மகன் உட்கார்ந்திருந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அப்பளத்தைப் பாயசத்தில் நொறுக்கிப் போட்டபடியே சொன்னார்.

"வர்ற ஆடிக்கு உங்கப்பா முறைம்மா. இப்ப அவர் இல்ல. அத எப்படி பண்றதுன்னு நாங்க உக்காந்து பேசணும்."

"என்ன பேசணும்? ஆடிக்கு நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துவிட்டார். பக்கத்து இலையில் இருந்த சித்தப்பா மகனும் சிரித்தான். இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

எங்கள் பச்சையம்மன் கோவில் முடிச்சூரில் இருக்கிறது. ஒரு காலத்தில் சுற்றிலும் வயல். இப்போது மூன்று பக்கம் அடுக்குமாடிகள், ஒரு பக்கம் காலனியின் தெரு. கோவிலும் அதையொட்டிய இருபது சென்ட் நிலமும் தாத்தாவின் கையிலிருந்து வந்தவை. அவருடைய மூன்று மகன்களும் பாகம் பிரித்துக்கொண்டபோது நிலம், வீடு, கிணறு, பித்தளை அண்டா வரைக்கும் பிரித்தார்கள். கோவிலை மட்டும் பிரிக்கவில்லை, பிரிக்கவும் முடியாது. பட்டா அம்மன் பெயரில் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் சாமி ஒரு மைனர். தன் சொத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது, மற்றவர்கள் அவளுக்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அதை விற்கவும் கூடாது. எங்கள் குடும்பத்தில் வயதுக்கு வராத பெண் அவள் ஒருத்திதான், நிலம் வைத்திருப்பவளும் அவள் ஒருத்திதான் என்று அப்பா சொல்வார். வீட்டுமனை போடுகிறவர்கள் வந்து கேட்டபோதெல்லாம் அந்த மைனர்தான் எங்கள் எல்லோரையும் ஒருவரிடமிருந்து ஒருவரைக் காப்பாற்றினாள்.

ஆக, பிரிக்க முடியாததை முறையாக வைத்துக்கொண்டார்கள். பெரியவர் வகைக்கு, அதாவது அவர் வழி வந்த குடும்பத்துக்கு, ஒரு வருடம், நடு வகைக்கு ஒரு வருடம், சின்னவர் வகைக்கு ஒரு வருடம். ஆடி முதல் வெள்ளியன்று முறை கைமாறும். முறைக்காரர் வீட்டுக்கு அம்மனின் பெட்டி போகும். வெள்ளிக் கவசமும் தாலியும் பட்டுப் புடவைகளும் அதில் இருக்கும். அந்த வருடம் முழுக்கப் பூசாரிக்குச் சம்பளம், விளக்குக்கு எண்ணெய், வெள்ளிக்கிழமைப் படையல், ஆடியில் கூழ் எல்லாம் முறைக்காரர் பொறுப்பு. கோவில் சாவியும் முதல் மரியாதையும் அவருக்கே, ஆனால் பெட்டி இருக்கும் வீட்டில் அசைவம் கிடையாது. அதனால் முறை எல்லோருக்கும் வேண்டும், பெட்டி யாருக்கும் வேண்டாம்.

சிக்கல் வகைக்குள்ளே இருந்தது. பெரியப்பாவுக்கு நான்கு மகன்கள். அந்த வகைக்கு வரும் வருடத்தை அவர்கள் நால்வரும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும் என்பதால் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். சித்தப்பாவுக்கு மூன்று மகன்கள், அவர்களுக்கு ஒன்பது வருடத்துக்கு ஒரு தடவை. நடு வகையில் அப்பா ஒருவர்தான். மூன்று வருடம் ஆனால் போதும், பெட்டி எங்கள் சேலையூர் வீட்டுக்கு வந்துவிடும். அம்மனைப் பார்க்காமல் கண்ணை மூடிக் கும்பிடும்போதும் அண்ணன் தம்பிகள் இந்தக் கணக்கை மறந்ததில்லை என்றே நினைக்கிறேன்.

அப்பாவுக்கு மகன் இல்லை. நான் ஒரே மகள். நான் எடுக்காவிட்டால் நடு வகை என்று ஒன்று இருந்ததே தெரியாமல் போய்விடும்.

சித்திரை முடிவதற்குள் கோவிலில் பங்காளிகள் கூட்டம் போட்டார்கள். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். எனக்கு ஒரு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை. கோவில் படியில் உட்கார்ந்துகொண்டேன், அங்கே நிழல் இன்னும் நன்றாக இருந்தது.

அண்ணா தொடங்கினார். "வாரிசு இல்லாத வகை மூத்த வகையோட சேரும். அதுதான் வழக்கம்."

சித்தப்பா மகன் எழுந்துவிட்டான். பொத்தேரியில் கல்லூரி மாணவர்களுக்கு விடுதி நடத்துபவன். எதையும் வாடகைக்கு விடலாம் என்ற கண்ணோடு பார்ப்பான்.

"இன்னாண்ணா, எந்த ஊரு வழக்கம் இது? சேர்றதுன்னா ரெண்டு வகைக்கும் பாதி பாதி. ஒரு முறை உங்களுக்கு, அடுத்த முறை எங்களுக்கு."

"பாதி முறைன்னு ஒண்ணு உண்டா? நீ என்ன பெட் ஸ்பேஸா குடுக்கற, பாதி பாதியா பிரிக்கறதுக்கு?"

"நீங்க பேங்க்ல இருந்தவருதானே? மெர்ஜர்னா என்னான்னு தெரியாதா உங்களுக்கு? பெரிய பேங்க்கே எல்லாத்தையும் முழுங்கிடணும், அதானே?"

"அண்ணா" என்றேன் படியிலிருந்து. "வாரிசு இல்லைன்னு சொல்றீங்க. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணா குரலைத் தாழ்த்தினார். என் மீது அவருக்கு உண்மையில் பிரியம் உண்டு, அதுதான் தொல்லை.

"நீ கல்யாணமாகி வேற குலதெய்வத்துக்குப் போயிட்டம்மா. உங்க வீட்டுக்காரருக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு சாமி இருக்கு இல்ல?"

"இருக்கு. அந்தச் சாமிக்கும் வருஷா வருஷம் நான்தான் பொங்கல் வைக்கறேன்."

"அதில்லம்மா... பெட்டி வீட்ல இருக்கணும். பொம்பளைங்கன்னா மாசத்துல மூணு நாளு..."

"அண்ணா, எனக்கு அம்பத்தி மூணு வயசு."

அண்ணா அந்த வாதத்தை அங்கேயே விட்டுவிட்டார். காது சிவந்து, வேப்பமரத்தை நிமிர்ந்து பார்த்தார். சித்தப்பா மகன் கைதட்டாத குறை. ஆனால் அவனும் என் பக்கம் இல்லை. "அக்கா, நீ ஏன் டென்ஷன் எடுத்துக்கற? எப்ப வேணா வா, சாமி கும்பிடு, கூழு குடி. பெட்டி எதுக்கு உனக்கு?" என்றான். வக்கீல் ஒருவரிடம் நான் முன்பே கேட்டிருந்தேன். நிர்வாக உரிமையும் சொத்தைப் போலத்தான், வாரிசுகளுக்கு இறங்கும், மகளும் வாரிசுதான், வேறு வழக்கம் இருக்கிறது என்பவர்கள்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். "வக்கீல் கிட்டப் போயிட்டியா?" என்று இருவரும் ஒரே குரலில் புண்பட்டார்கள். கூட்டம் முடிவில்லாமல் முடிந்தது.

இந்த நிலைமையில்தான் காலனிக்காரர்கள் உள்ளே வந்தார்கள்.

அதற்குக் காரணம் சித்தப்பா மகனின் இரண்டு யோசனைகள். இரண்டு வருடங்களுக்கு முன்பு அவன் முறை. காலனிப் பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் வந்து விளக்கேற்றுவதைப் பார்த்தான். நல்ல எவர்சில்வர் உண்டியல் ஒன்றை வாங்கி, யாரும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று சன்னதிக்கு எதிரே சிமெண்ட் மேடை கட்டி அதில் பதித்தான். பதித்தது என்றால் சாதாரணப் பதிப்பு இல்லை. கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, மூன்று நாள் தண்ணீர் ஊற்றி. அந்தக் கோவிலில் அவ்வளவு உறுதியான பொருள் வேறெதுவும் இல்லை. பெருவெள்ளத்தில் மதில் விழுந்த கோவில் அது. இன்னொரு வெள்ளம் வந்தால் உண்டியல் மட்டும் நிற்கும்.

இரண்டாவது யோசனை, வெளியே இருக்கும் காலி நிலத்தைத் தண்ணீர் லாரிகள் நிறுத்த விட்டது. இந்த வருடம் முறை எடுத்த அண்ணா அந்த லாரிகளை வெளியேற்றினார். வெளியேறிய லாரிகள் காலனித் தெருவில் நின்றன. காலனிக்காரர்கள் அண்ணாவிடம் சண்டைக்கு வந்தார்கள். அண்ணாவுக்குக் கோபம் வந்து, "இது எங்க குடும்பக் கோவில்" என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டைப் பூட்டிவிட்டார். தேங்காயும் பூவுமாக வந்த பெண்கள் வெளியே நின்றார்கள். பொதுக்கோவிலைச் சிலர் பூட்டி வைத்திருக்கிறார்கள், அரசு எடுத்து நடத்த வேண்டும் என்று காலனிச் சங்கம் மனு கொடுத்துவிட்டது.

அறநிலையத் துறையிலிருந்து ஆய்வாளர் ஒருவர் நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்ததும் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்கள் நின்றன. கோவில் குடும்பத்துக்கே உரியதா, பொதுமக்கள் உரிமையோடு வந்து கும்பிடுவதா என்பதுதான் கேள்வி. ஆய்வாளர் முடிவு சொல்பவர் அல்ல. பார்த்து அறிக்கை தருவார், இரு தரப்பையும் விசாரித்து மேலே இருப்பவர் முடிவு செய்வார். ஆனால் அறிக்கையில் எழுதப்படும் முதல் விஷயம் உண்டியல். குடும்பக் கோவிலில் உண்டியல் எதற்கு? பங்காளிகள் தங்கள் சாமிக்குத் தாங்களே வரி போட்டுச் செலவழிப்பவர்கள். உண்டியல் ஊருக்கு வைப்பது.

"எடுத்துரு" என்று அண்ணா குழுவில் ஆணையிட்டார்.

"வராது" என்று சித்தப்பா மகன் பதில் போட்டான்.

ஆய்வாளர் வரும் நாள் காலையில் நான் போனபோது, உண்டியலுக்கு மஞ்சள் புடவை கட்டியிருந்தார்கள். கொசுவம் வைத்து, மேலே ஒரு எலுமிச்சை மாலையும் போட்டிருந்தது. கட்டியவர் பூசாரி, கட்டச் சொன்னவர்கள் அண்ணாவும் சித்தப்பா மகனும். பல மாதங்களில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே வேலை.

"என்னண்ணா இது?"

"கேட்டா பரிவார தேவதைன்னு சொல்லிக்கலாம்" என்றார் அண்ணா. ஓய்வு பெற்ற மேலாளர் பேசுகிற பேச்சா இது என்று பார்த்தேன். நெற்றியில் வியர்வை.

"நான் சொல்ல மாட்டேன்."

"உன்னைச் சொல்லச் சொல்லல. நீ பேசாம இரு, அது போதும்."

ஆய்வாளர் மோட்டார் சைக்கிளில் வந்தார். நடுத்தர வயது, நிதானமான ஆள். ஹெல்மெட்டைக் கழற்றி, வெளியே செருப்பை விட்டு, முதலில் அம்மனைக் கும்பிட்டார். பிறகு கேட்க ஆரம்பித்தார். சாவி யாரிடம்? கேட் எப்போது திறக்கும்? பூசாரிக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? அண்ணா வங்கிக் கணக்கு ஒப்பிப்பதைப் போலப் பதில் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது காலனியிலிருந்து வயதான ஓர் அம்மா பூக்கூடையோடு உள்ளே வந்தார். கேட் திறந்திருப்பதைப் பார்த்து வந்திருக்கிறார். அம்மனைக் கும்பிட்டுத் திரும்பியவர், உண்டியலைப் பார்த்து நின்றார்.

"இன்னா பூசாரி, புது அம்மனா? சொல்லவே இல்ல?"

பூசாரி அண்ணாவைப் பார்த்தார். அண்ணா கூரையைப் பார்த்தார்.

அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, கூடையிலிருந்து மஞ்சளும் குங்குமமும் எடுத்து உண்டியலின் நெற்றி என்று தோன்றிய இடத்தில் வைத்தார். கற்பூரம் ஏற்றிக் காட்டினார். மூன்று சுற்று சுற்றினார். பிறகு முந்தானையிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தார்.

"உண்டிய எங்கப்பா காணோம்? இங்கதானே இருந்துச்சு?"

சித்தப்பா மகன் இருமினான். ஆய்வாளர் புடவையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான்தான் சுவரோரமாகச் சும்மா நின்றிருந்தவள்.

"இது என்ன சாமிம்மா?"

"உண்டியல் சார்" என்றேன்.

அண்ணாவின் மூச்சு கேட்டது. நிறுத்தாமல் சொன்னேன். உண்டியல் இரண்டு வருடமாகத்தான் இருக்கிறது. அதற்கு முன்பு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வைத்தவர் தன் முறை வருடத்தில் மற்ற வகைகளைக் கேட்காமல் வைத்தார். காலனிக்காரர்கள் கும்பிட வருகிறார்கள், நாங்கள் தடுத்ததில்லை, ஒரு வெள்ளிக்கிழமை தவிர. கூழும் பொங்கலும் முறைக்காரர் செலவு, ஊரில் வசூல் கிடையாது. அவர் எழுதிக்கொண்டார். புடவையைப் பற்றி எதுவும் எழுதவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"முறைன்னு சொன்னீங்களே. வர்ற ஆடிக்கு யார் முறை?"

"எங்க முறை" என்றார் அண்ணா.

"எங்க முறை" என்றான் சித்தப்பா மகன், அதே நொடியில்.

ஆய்வாளர் மறுபடியும் பேனாவை எடுத்துவிட்டார். "ரெண்டு பேருக்கும் இதுல தகராறு இருக்கா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் தகராறு என்ற சொல்லுக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு தனி பயம் உண்டு. நிர்வாகத்தில் தகராறு என்று அறிக்கையில் ஏறினால், குடும்பத்துக்கு வெளியே இருந்து தக்கார் ஒருவரை நியமிக்க வழி பிறக்கும். பிறகு பெட்டி, சாவி, கூழ் எல்லாம் அவர் கையில். அண்ணாவுக்கு அது தெரியும். சித்தப்பா மகனுக்கும் தெரியும். அண்ணா அவனைப் பார்த்தார். முறையை அவனுக்கு விட்டுக்கொடுப்பதை அவர் மனதில் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், முகம் அப்படியே கசந்தது. அவனும் அவரைப் பார்த்தான். அவருக்கு விட்டுக்கொடுப்பதற்குப் பதில் அவன் லாரியை வீட்டுக்குள்ளேயே நிறுத்திக்கொள்வான்.

"தகராறெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றார் அண்ணா மெதுவாக. "எங்க முறைன்னா... எங்க குடும்பத்து முறைன்னு சொன்னேன். வர்றது நடு வகை."

"ஆமா சார், நடு வகை" என்றான் சித்தப்பா மகன், அவரை முந்திக்கொண்டு. "அக்கா முறை. இதோ, இவங்கதான்."

"தங்கச்சிதான் பண்றாங்க" என்று அண்ணா முடித்தார். இருவரும் என்னைக் கையால் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஆய்வாளர் என்னிடம் கேட்டார். "அப்படியாம்மா?"

"ஆமாம் சார். என் முறை" என்றேன். எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அவருடைய மோட்டார் சைக்கிள் தெரு முனை திரும்பியதும் அண்ணா சொன்னார். "அவர் முன்னாடி சமாளிக்கச் சொன்னதும்மா அது. நாம அப்புறமா உக்காந்து பேசிக்கலாம்."

உட்கார்ந்தோம், ஆனால் வக்கீல் முன்னால். விசாரணைக்குக் குடும்பத்தின் சார்பில் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டியிருந்தது. வக்கீல் கண்ணாடியைத் துடைத்தபடி இரண்டு பேரிடமும் சொன்னார். "ஆய்வுல ஒருத்தர் பேரைச் சொல்லிட்டு, இப்ப வேற பேரைப் போட்டீங்கன்னா, தகராறு இருக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. அப்புறம் என்கிட்ட வராதீங்க. மூணு வகை, முறை போட்டு, விடாம நடத்தறாங்கன்னு காட்டினாத்தான் குடும்பக் கோவில்னு நிக்க முடியும். ரெண்டாவது வகை எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க, முழுங்கிட்டோம்னா?"

முழுங்குகிற பேச்சை முதலில் எடுத்த சித்தப்பா மகன் தரையைப் பார்த்தான். பதில் மனுவில் நடப்பு நிர்வாகி என்ற இடத்தில் என் கையெழுத்து. விசாரணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. உண்டியலின் வாயை வெல்டிங் வைத்து அடைத்தாயிற்று. பெயர்க்க இரண்டு ஆட்கள் ஒரு நாள் முழுக்க இடித்துப் பார்த்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். அது இப்போது பூக்கூடை வைக்கும் மேடையாக இருக்கிறது. காலனிப் பெண்களுக்கு வெள்ளிக்கிழமை கேட் திறந்திருக்கும், அது எங்கள் விருப்பத்தால் என்று ஒரு பலகை வைக்கச் சொன்னார் வக்கீல். வைத்தோம்.

ஆடி முதல் வெள்ளி வந்தது. அண்ணா பெட்டியைத் தன் காரில் கொண்டுவந்தார், பின்சீட்டில் பெல்ட் போட்டு. எல்லா வகையினரும் பார்க்கத் திறந்து, கவசத்தையும் தாலியையும் புடவைகளையும் எடுத்துக் காட்டி, திரும்ப வைத்து, என் கையில் கொடுத்தார்கள். அடுத்தது பரிவட்டம். முறைக்காரர் தலையில் அம்மனின் துணியைச் சுற்றிக் கட்டும் மரியாதை. பூசாரி துணியை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"என்ன பூசாரி?"

"இல்லக்கா... ஆம்பளைங்க தலையில கட்டித்தான் பழக்கம். கொண்டை கீது, மல்லிப்பூ வேற கீது. எங்க சுத்தறதுன்னு தெரியல."

சுற்றினார். அது நேரே கீழே இறங்கி என் கண்களை மூடியது. ஒன்றும் தெரியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றேன். எங்கோ சித்தப்பா மகன் சிரிப்பது கேட்டது. இரண்டாம் தடவை காதுக்கு மேலே நின்று, ஒரு பக்கமாகச் சரிந்தது. பேத்தி வயதுப் பெண்கள் எல்லாம் போன் எடுத்துவிட்டார்கள்.

"தள்ளுய்யா" என்று அண்ணாவின் குரல். கோணலாக எது இருந்தாலும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, காசோலையில் கையெழுத்து சாய்ந்திருந்தாலே திருப்பி அனுப்பியவர். பூசாரி கையிலிருந்து துணியை வாங்கினார். "கொண்டையக் கொஞ்சம் எறக்கிக்கம்மா. ஆடாத." நெற்றியில் ஒரு மடிப்பு வைத்து, பின்னால் கொண்டைக்குக் கீழே முடிச்சுப் போட்டு, பின்வாங்கிப் பார்த்து, ஒரு விரலால் நுனியை உள்ளே தள்ளினார். "இப்ப சரியா இருக்கு" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் கூழ் ஊற்றினோம். ராத்திரி பெட்டியைப் பூசை அறையில் வைத்துவிட்டு, போனைப் பார்த்தேன். பங்காளிகள் குழுவில் வரிசையாக வந்திருந்தது. கூழில் உப்பு போதவில்லை. வெங்காயம் கடைசிப் பந்திக்குக் கிடைக்கவில்லை. முருங்கைக்கீரையில் காம்பு. இதெல்லாம் முறைக்காரர் பார்க்க வேண்டாமா என்று சித்தப்பா மகன் கேட்டிருந்தான், என் எண்ணைக் குறிப்பிட்டு. அதற்குக் கீழே அண்ணா: "போன தடவை நடு வகை முறையிலயும் இதேதான். முறைக்காரர் பதில் சொல்லவும்."

அப்பாவின் முறைகளில் இந்தப் புகார்கள் அவருக்கு வரும், அவர் சாப்பிட்டு முடித்துத்தான் பதில் எழுதுவார். நானும் சாப்பிட்டு முடித்தேன். பிறகு, அடுத்த வெள்ளி உப்பு தனியாக வைக்கப்படும் என்று எழுதினேன்.